ஒன்பது ட்ரயலும் ஒரு ஷாஃப்டும்: வேலை கேட்கும் மெயிலில் எதை எழுதுவது?

கேள்வி:

ஐயா, வணக்கம். நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் 2025-இல் பி.இ. மெக்கானிக்கல் முடித்தேன். கோவையில் இருக்கும் பம்ப், மெஷினிங் கம்பெனிகள் முப்பதுக்கு மெயில் அனுப்பிவிட்டேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. புராஜெக்ட், டிரெய்னிங் பற்றி இப்படி எழுதினேன்: "டாகுச்சி முறையில் சி.என்.சி. டர்னிங் அளவுருக்களை உகந்ததாக்கும் புராஜெக்ட் செய்து, மேற்பரப்புத் தரத்தை ஃபீடுதான் அதிகம் பாதிக்கிறது என்று அனோவா மூலம் நிறுவினேன். 15 நாள் தொழிற்பயிற்சியில் சி.என்.சி., வி.எம்.சி., குவாலிட்டி, 5எஸ் ஆகியவற்றில் அனுபவம் பெற்றேன். 25 எச்7 ஷாஃப்டுகளை வெர்னியரில் அளந்து சோதித்தேன்."

புராஜெக்ட் நான்கு பேர் செய்தது. 32 மி.மீ. இ.என்.8 பார், சி.என்.எம்.ஜி. 120408 இன்சர்ட். வேகம் 600, 1000, 1400 ஆர்.பி.எம்.; ஃபீடு 0.10, 0.15, 0.20, டெப்த் 0.5, 1.0, 1.5 மி.மீ. எல்9 அட்டவணைப்படி ஒன்பது ட்ரயல். முதல் ட்ரயலில் சொரசொரப்பு அளவான ஆர்.ஏ. 1.45, மூன்றாவதில் 2.70, ஏழாவதில் 0.92, எட்டாவதில் 1.28 மைக்ரான் வந்தது. கடைசியில் 1400, 0.10, 0.5 வைத்து ஒரு தடவை ஓட்டினோம், 0.84 வந்தது. பயிற்சியில் லேத்தில் ஜாப் மாட்டினேன், ஆபரேட்டர் சொல்லி ஆஃப்செட் போட்டேன், வி.எம்.சி.யைப் பார்த்தேன். இந்த இரண்டையும் எப்படி எழுதினால் கூப்பிடுவார்கள்?

பதில்:

நூறு, இருநூறு பேர் வேலை செய்யும் ஒரு கம்பெனியில் உங்கள் மெயிலை இரண்டு பேர் படிக்கிறார்கள். முதல் ஆள் மனிதவளப் பிரிவில் இருப்பவர். என்ன படிப்பு, எந்த வருடம் முடித்தது, எந்த வேலைக்கு, எப்போது சேர முடியும் என்பதை மட்டும்தான் அவர் தேடுவார். இவை முதல் மூன்று வரிக்குள் கண்ணில் பட்டால் புரொடக்‌ஷன் மேனேஜருக்கோ குவாலிட்டி இன்சார்ஜுக்கோ ஃபார்வர்டு செய்வார். இந்த இரண்டாவது ஆள் ஷாப் ஃப்ளோரில் நின்றபடி ஃபோனில் படிப்பவர். மதிப்பெண்ணையும் குறிக்கோளையும் தாண்டி நேராக உங்கள் புராஜெக்டுக்கும் பயிற்சிக்கும் வருவார். அவரிடம்தான் உங்கள் மெயில் நிற்காமல் போகிறது. உங்களிடம் சரக்கு இருக்கிறது. கடிதத்தில் எனக்கு எழுதிய எண்களில் பாதிகூட கம்பெனிக்கு எழுதிய மெயிலில் இல்லை.

"ஃபீடுதான் அதிகம் பாதிக்கிறது" என்ற வரியை எடுத்துக்கொள்வோம். டர்னிங் தெரிந்தவருக்கு இது செய்தியே அல்ல. இன்சர்டின் மூக்கு வளைவும் ஃபீடும் சேர்ந்து ஜாபின் மேல் விடும் வரிக்கு ஒரு கணக்கு உண்டு:

```
Ra = f² / (32 × r)
```

உங்கள் இன்சர்டின் எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் 08. அதாவது மூக்கு வளைவு 0.8 மி.மீ. ஃபீடு 0.10 என்றால் 0.01-ஐ 25.6-ஆல் வகுக்க வேண்டும், 0.00039 மி.மீ., அதாவது 0.39 மைக்ரான் வரும். 0.15-க்கு 0.88, 0.20-க்கு 1.56. ஃபீடு இரண்டு மடங்கானால் சொரசொரப்பு நான்கு மடங்காகும் என்பது ட்ரயல் ஓட்டுவதற்கு முன்பே காகிதத்தில் தெரிகிற விஷயம். அதனால் அனோவா வைத்து அதை நிறுவியதாக எழுதும்போது, படிப்பவருக்கு அது புத்தகத்தைத் திருப்பிச் சொன்னது போலத்தான் படும்.

அவர் நின்று படிக்கக்கூடிய விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. ஏழாவது ட்ரயலில் கணக்குப்படி 0.39 வர வேண்டும், உங்களுக்கு 0.92 வந்திருக்கிறது. முதல் ட்ரயலிலும் அதே 0.10 ஃபீடுதான், ஆனால் 1.45. ஃபீடு மாறாமலே சொரசொரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே மாறியவை வேகமும் டெப்தும். டெப்த் ஏழாவதில்தான் அதிகம், 1.5 மி.மீ.; அப்படியிருந்தும் அங்கே ஃபினிஷ் நன்றாக வந்திருக்கிறது என்றால் சந்தேகம் வேகத்தின் மேல்தான் விழுகிறது. 32 மி.மீ. பாரில் 600 ஆர்.பி.எம். என்பது நிமிடத்துக்கு 60 மீட்டர். கார்பைடு இன்சர்டுக்கு இ.என்.8-இல் இது மெதுவான வேகம். இந்த வேகத்தில் உலோகம் இன்சர்ட் முனையில் ஒட்டிக் குவிந்து, கொஞ்ச நேரத்தில் பிய்த்துக்கொண்டு போகும். ஜாபின் மேல் கிழிசல் போலத் தடம் விடும். பில்ட்-அப் எட்ஜ் என்று பாடத்தில் படித்தது இதுதான். முதல் ட்ரயல் துண்டு இன்னும் உங்களிடம் இருந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஃபீடு வரிகள் சீராக இல்லாமல், நடுநடுவே மங்கலான திட்டுகளும் ஒட்டிய பொடியும் தெரிந்தால் அது பில்ட்-அப் எட்ஜ்தான். தெரியாவிட்டால் அப்படி எழுதாதீர்கள். "குறைந்த வேகத்தில் கணக்கைவிட மிக அதிகமாக வந்தது" என்று மட்டும் எழுதுங்கள்.

வேகத்தை ஆர்.பி.எம்.மில் எழுதியதையும் மாற்ற வேண்டும். ஷாப்பில் வெட்டு வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை மீட்டர் என்றுதான் பேசுவார்கள், ஏனென்றால் விட்டம் தெரியாமல் ஆர்.பி.எம். எதையும் சொல்வதில்லை. உங்கள் மூன்று வேகங்களும் முறையே 60, 100, 140 மீட்டர். அப்படி எழுதியதும் ஒரு கேள்வி வரும், அதற்கு இப்போதே தயாராக இருங்கள்: ஒன்பது ட்ரயலுக்கும் புதிய துண்டா, அல்லது ஒரே பாரை மேலும் மேலும் சீவினீர்களா? ஒரே பார் என்றால், விட்டம் 32-இலிருந்து 26-க்கு வரும்போது 1000 ஆர்.பி.எம்.மில் வேகம் 100 மீட்டரிலிருந்து 82-க்கு இறங்கியிருக்கும். `G96` போட்டிருந்தால் மெஷினே ஆர்.பி.எம்.மை ஏற்றிச் சரிசெய்திருக்கும். `G97` என்றால் செய்யாது. உங்கள் குழுவில் யார் புரோகிராம் எழுதினாரோ அவரிடம் அந்தத் தாளை வாங்கிப் பாருங்கள். `G97` போட்டு, பாரும் சிறுத்துக்கொண்டே போயிருந்தால் புராஜெக்ட் வீண் என்று அர்த்தமில்லை. அந்தக் குறை தெரிந்து பேசுகிறவரையும், தெரியாமல் "உகந்த அளவுரு" என்கிறவரையும் இன்டர்வியூவில் பத்து நிமிடத்துக்குள் பிரித்துவிடுவார்கள்.

அடுத்து, நீங்கள் மெயிலில் சொல்லாமல் விட்ட அந்த 0.84. உங்கள் புராஜெக்டில் எனக்கு மிகவும் பிடித்த எண் அதுதான். மூன்று காரணி, மூன்று நிலை என்றால் 27 சேர்க்கைகள் உண்டு; எல்9 அதில் ஒன்பதை மட்டும் ஓட்டச் சொல்கிறது. 1400, 0.10 இரண்டும் சேர்ந்து வருவது ஏழாவது ட்ரயலில் மட்டும்தான், அங்கே டெப்த் 1.5. ஆகவே 1400, 0.10, 0.5 என்ற சேர்க்கை அந்த ஒன்பதில் கிடையாது. நீங்கள் அதைத் தனியாக ஓட்டிப் பார்த்திருக்கிறீர்கள். பல புராஜெக்டுகள் மினிடாப் சொன்ன சேர்க்கையை எழுதிவிட்டு அங்கேயே முடிந்துவிடும். யாரும் மெஷினுக்குத் திரும்பிப் போவதில்லை. நீங்கள் போயிருக்கிறீர்கள். அதை எழுதுங்கள். "நிறுவினேன்" என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். ஒன்பது ட்ரயலில் மொத்தம் எட்டு டிகிரி ஆஃப் ஃப்ரீடம். மூன்று காரணிகளும் ஆறை எடுத்துக்கொண்ட பிறகு பிழைக்கு மிஞ்சுவது இரண்டு. ஒவ்வொரு ட்ரயலையும் திரும்ப ஓட்டியிருந்தால் வேறு; ஒரு தடவைதான் என்றால் "காட்டுகிறது" என்ற சொல்லே சரியான அளவு.

இதையெல்லாம்விட, கம்பெனிக்குப் பயன்படும் முடிவு ஒன்று உங்கள் எண்களிலேயே இருக்கிறது, நீங்கள் அதை எடுக்கவில்லை. கல்லூரியில் குறைந்த ஆர்.ஏ. எதுவோ அதுதான் நல்லது. கம்பெனியில் டிராயிங்கில் போட்டிருக்கும் ஆர்.ஏ.க்குள் வந்தால் போதும். அதற்குமேல் மென்மையாக்கும் ஒவ்வொரு விநாடியும் செலவு. டிராயிங்கில் 1.6 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் எட்டாவது ட்ரயல், அதாவது 1400 ஆர்.பி.எம்., 0.15 ஃபீடு, 0.5 டெப்த், 1.28 கொடுத்திருக்கிறது. அது போதும். 100 மி.மீ. நீளம் சீவ ஆகும் நேரத்தைப் பார்ப்போம். 0.10 ஃபீடில் நிமிடத்துக்கு 140 மி.மீ. நகரும், எனவே 43 விநாடி. 0.15-இல் 210 மி.மீ. நகரும், 29 விநாடி. ஒரு ஜாபுக்கு 14 விநாடி மிச்சம். 500 ஜாப் ஓடும் ஒரு ஆர்டரில் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். ஒரு புரொடக்‌ஷன் மேனேஜர் தன் வாயால் பேசும் மொழி இது. இதை மெயிலில் எழுதும்போது எந்தக் கம்பெனியிலும் நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுத்ததுபோல எழுதக் கூடாது. "எங்கள் அளவீட்டின்படி 1.6-க்கு 0.15 போதும், 100 மி.மீ.க்கு வெட்டும் நேரம் 43-இலிருந்து 29 விநாடியாகக் குறையும்" என்பதோடு நிறுத்துங்கள். இதில் ஜாப் மாட்டும் நேரம் சேரவில்லை. இன்சர்ட் தேயத் தேய 1.28 எங்கே போகும் என்பதும் உங்களிடம் இல்லை. கேட்டால் அதை நேராகச் சொல்லிவிடுங்கள்.

நால்வர் செய்த புராஜெக்டில் உங்கள் பங்கு எது என்பதும் ஒரு வரியில் வர வேண்டும். காசு கொடுத்து வாங்கிய புராஜெக்ட் எத்தனை வருகிறது என்று கம்பெனிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் "நீங்கள் என்ன செய்தீர்கள்" என்று முதலில் கேட்கிறார்கள். ரஃப்னஸ் டெஸ்டர் பிடித்து ஒவ்வொரு துண்டிலும் மூன்று இடத்தில் அளந்தது நீங்கள் என்றால் அதை மட்டும் எழுதுங்கள். புரோகிராம் நண்பர் எழுதியது என்றால் அது அவருடையது.

இனி பயிற்சி. "25 எச்7 ஷாஃப்டுகளை வெர்னியரில் அளந்து சோதித்தேன்" என்ற வரி உங்களுக்குப் பெரிய கேடு செய்திருக்கும் என்று நினைக்கிறேன். 25 மி.மீ. ஷாஃப்டுக்கு எச்7 என்றால் மேல் எல்லை 25.000, கீழ் எல்லை 24.979. மொத்த இடைவெளியே 0.021 மி.மீ.தான். நம் ஷாப்புகளில் கையில் இருக்கும் சாதாரண வெர்னியரின் குறைந்த அளவு 0.02 மி.மீ. சகிப்பு எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு பெரிய படியில் அளக்கும் கருவி அது. வெர்னியர் 25.00 காட்டினால் ஷாஃப்ட் நல்லதா, ரிஜெக்டா என்று சொல்லவே முடியாது. குவாலிட்டி இன்சார்ஜ் அந்த வரியைப் படித்தால் மேலே படிக்க மாட்டார். அங்கே நடந்தது அநேகமாக இப்படித்தான் இருக்கும்: நீங்கள் வெர்னியரில் நீளத்தையும் ஸ்டெப்பையும் பார்த்திருப்பீர்கள், விட்டத்தை ஆபரேட்டரோ இன்ஸ்பெக்டரோ மைக்ரோமீட்டரிலோ ஸ்னாப் கேஜிலோ பார்த்திருப்பார். உங்கள் பயிற்சி நோட்டை எடுத்துச் சரிபாருங்கள். எது உண்மையோ, அதற்குரிய கருவியின் பெயரோடும் குறைந்த அளவோடும் எழுதுங்கள்.

ஆஃப்செட் போட்டது உங்கள் பயிற்சியின் சாரம். மெயிலில் அதைக் காணவே காணோம். "சி.என்.சி. அனுபவம்" என்று எழுதினால் யாரும் எதையும் புரிந்துகொள்ள முடியாது. "முதல் ஜாபை அளந்து, ஆபரேட்டர் மேற்பார்வையில் வேர் ஆஃப்செட் திருத்தினேன்" என்று எழுதினால் அடுத்த நிமிடமே கேள்வி வரும்: ஷாஃப்ட் 25.012 வந்தால் எவ்வளவு போடுவாய்? சகிப்பின் நடுவை நோக்கிப் போக வேண்டும். நடு 24.990 என்று வைத்துக்கொண்டால் 0.022 குறைய வேண்டும். விட்டத்தில் பேசும் கன்ட்ரோலில் எக்ஸ் வேர் ஆஃப்செட்டில் ஏற்கெனவே இருக்கும் எண்ணோடு மைனஸ் 0.022 கூட்ட வேண்டும், பாதியாக்கி 0.011 போட்டால் ஜாப் 25.001-இல் நின்றுவிடும், அதுவும் ரிஜெக்ட். பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதிதாக 0.022 போடுவது அதைவிட மோசம், முன்னால் செய்த திருத்தமெல்லாம் போய்விடும். புதிதாகச் சேருபவர்கள் செய்யும் தவறுகள் இவைதான். இதைத் தெரிந்து சொன்னால் 15 நாளும் நீங்கள் மெஷின் பக்கத்தில்தான் நின்றீர்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அதையொட்டி இன்னொரு கேள்வியும் வரலாம், சூடான ஜாபை உடனே அளந்தால் என்ன ஆகும் என்று. எஃகு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் சுமார் 11.5 மைக்ரான் நீளும். 25 மி.மீ. ஷாஃப்ட் 20 டிகிரி சூடாக இருந்தால் கிட்டத்தட்ட 6 மைக்ரான் பெரிதாகக் காட்டும். எச்7-இன் 21 மைக்ரானில் அது கால் பங்குக்கு மேல். அந்த அளவை நம்பி ஆஃப்செட் போட்டால், ஆறிய பிறகு ஷாஃப்ட் கீழ் எல்லையை நோக்கி இறங்கிவிடும்.

வி.எம்.சி.யைப் பார்த்தது மட்டும்தான் என்றால் அதை மெயிலிலிருந்து எடுத்துவிடலாம், அல்லது "பார்த்தேன்" என்றே எழுதலாம். 5எஸ்-உம் அப்படியே. எல்லாப் பயிற்சிச் சான்றிதழிலும் இருக்கும் சொல், படிப்பவர் கண் அதில் நிற்காது. செய்தது, உடனிருந்து செய்தது, பார்த்தது என்ற மூன்றையும் பிரித்து எழுதுவது மெயிலைச் சிறியதாக்கும். சிறியதாவது நல்லது.

உங்கள் எண்களை வைத்து நான் எழுதினால் மெயில் இப்படி இருக்கும். கம்பெனிக்கு ஆங்கிலத்தில்தான் போகும். பொருள் புரிவதற்காகத் தமிழில் தருகிறேன். நீங்கள் இதை உங்களுக்கு வரும் எளிய ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதுங்கள். யாரிடமாவது கொடுத்து அலங்காரமாக எழுதி வாங்க வேண்டாம், பேசும்போது அந்த ஆங்கிலம் உங்களிடம் இருக்காது.

பொருள் வரி: கிராஜுவேட் இன்ஜினியர் டிரெய்னி விண்ணப்பம் – பி.இ. மெக்கானிக்கல் 2025 – சி.என்.சி. டர்னிங் மற்றும் இன்ஸ்பெக்‌ஷன்

"மதிப்பிற்குரிய மனிதவள மேலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

2025-இல் பி.இ. மெக்கானிக்கல் முடித்துள்ளேன். உங்கள் மெஷின் ஷாப்பில் புரொடக்‌ஷன் அல்லது குவாலிட்டி பிரிவில் டிரெய்னி பணிக்கு விண்ணப்பிக்கிறேன். ஊர் நாமக்கல், கோவையில் தங்கி, ஷிஃப்டில் வேலை செய்யத் தயார், உடனே சேரலாம்.

இறுதியாண்டு புராஜெக்ட் (நால்வர் குழு): இ.என்.8, 32 மி.மீ. பாரை 0.8 மி.மீ. மூக்கு வளைவுள்ள கார்பைடு இன்சர்டில் 60, 100, 140 மீட்டர் வேகங்களிலும் 0.10 முதல் 0.20 வரை ஃபீடிலும் ஒன்பது ட்ரயல் ஓட்டி ஆர்.ஏ. அளந்தோம். 0.10 ஃபீடில் 60 மீட்டர் வேகத்தில் 1.45, 140 மீட்டரில் 0.92 மைக்ரான் கிடைத்தது. கணித்த சிறந்த சேர்க்கையைத் தனியாக ஓட்டிப் பார்த்ததில் 0.84 வந்தது. ஆர்.ஏ. 1.6 போதும் என்றால் 0.15 ஃபீடே போதும் என்றும், 100 மி.மீ. நீளத்துக்கு வெட்டும் நேரம் 43-இலிருந்து 29 விநாடியாகக் குறையும் என்றும் எங்கள் அளவீடுகள் காட்டுகின்றன. துண்டுகளை ரஃப்னஸ் டெஸ்டரில் அளந்து பதிவு செய்தது என் பங்கு.

பயிற்சி (15 நாள், சி.என்.சி. ஜாப் ஷாப்): 25 எச்7 ஷாஃப்ட் வேலையில் ஜாப் மாட்டினேன், ஆபரேட்டர் மேற்பார்வையில் வேர் ஆஃப்செட் திருத்தினேன், நீளங்களை வெர்னியரில் அளந்தேன். விட்டத்தை மைக்ரோமீட்டரில் சோதிக்கும்போது உடனிருந்தேன்.

உங்கள் இணையதளத்தில் பம்ப் ஷாஃப்டுகளை நீங்களே மெஷின் செய்வதாகப் பார்த்தேன். அந்தப் பிரிவில் கற்றுக்கொண்டு வேலை செய்ய விரும்புகிறேன். ரெஸ்யூமையும் ட்ரயல் அட்டவணையின் ஒரு பக்கத்தையும் இணைத்துள்ளேன்."

கீழே பெயர், ஃபோன் எண். அவ்வளவுதான். "என் பங்கு", "மைக்ரோமீட்டர்" என்று நான் எழுதிய இடங்களில் உங்களுக்கு உண்மை எதுவோ அதைப் போடுங்கள்.

கடைசிப் பத்தியை ஒவ்வொரு கம்பெனிக்கும் மாற்றத்தான் வேண்டும். முப்பது பேருக்கும் ஒரே மெயிலை அனுப்பியிருந்தால், அதுவும் எல்லா முகவரியும் ஒரே பெட்டியில் தெரியும்படி அனுப்பியிருந்தால், அதைத் திறந்தவுடனேயே மூடியிருப்பார்கள். கம்பெனியின் தளத்தில் என்ன பாகம் செய்கிறார்கள், என்ன மெஷின் வைத்திருக்கிறார்கள் என்று பத்து நிமிடம் பார்த்தால் அந்த ஒரு வரி கிடைத்துவிடும். வார்ப்பு மட்டும் செய்யும் கம்பெனிக்கு டர்னிங் புராஜெக்டை நீட்டி எழுதிப் பயனில்லை. அங்கே அளவெடுக்கத் தெரியும் என்பதை முன்னால் கொண்டு வந்து, புராஜெக்டை ஒரு வரியாகச் சுருக்குங்கள். பம்ப் கம்பெனியிலும் ஒரு கவனம் வேண்டும். அவர்கள் ஷாஃப்ட் எஸ்.எஸ். 410 ஆக இருக்கலாம். துருப்பிடிக்காத எஃகுக்கு இன்சர்ட் கிரேடே வேறு, வேகமும் வேறு. உங்கள் இ.என்.8 எண்களை அங்கே அப்படியே போடலாம் என்று சொல்லிவிடாதீர்கள். ட்ரயல் திட்டமிடும் முறை பொருந்தும், எண்கள் பொருந்தாது.

இணைப்பு இரண்டு போதும்: ரெஸ்யூம் ஒரு பக்கம், ட்ரயல் அட்டவணை ஒரு பக்கம், இரண்டும் பி.டி.எஃப். அறுபது பக்க புராஜெக்ட் ரிப்போர்ட்டை யாரும் ஃபோனில் இறக்க மாட்டார்கள். டிரைவ் லிங்க் அனுப்பினால், பெரும்பாலும் அனுமதி கேட்டு நின்றுவிடும். ஃபைலுக்கு `Resume_final_new2.pdf` என்று பெயர் இருந்தால் ஃபார்வர்டு ஆன பிறகு அது யாருடையது என்று தேட வேண்டிவரும். முன்னால் உங்கள் பெயரைப் போட்டு, பின்னால் `_BE_Mech_2025.pdf` என்று வையுங்கள். அட்டவணைப் பக்கத்தில் ஒன்பது ட்ரயலும், ஒவ்வொன்றுக்கும் வேகம், ஃபீடு, டெப்த், அளந்த ஆர்.ஏ., அதன் பக்கத்தில் கணக்கில் வரும் ஆர்.ஏ. என்று ஐந்து பத்தி போடுங்கள். அந்தக் கடைசிப் பத்தியை யாரும் போடுவதில்லை. அளந்ததும் கணக்கிட்டதும் அருகருகே இருந்தால் குறைந்த வேகத்தில் ஏன் பிசகியது என்று படிப்பவர் தானே கேட்பார்.

தளத்தில் `info@` என்று தொடங்கும் பொது முகவரி மட்டும் இருந்தால் பொருள் வரியின் தொடக்கத்தில் "மனிதவளப் பிரிவின் கவனத்திற்கு" என்று சேருங்கள். ஏழெட்டு வேலை நாள் கழித்து, அதே மெயிலுக்கு மறுமொழியாக இரண்டு வரியில் ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லை என்றால் அலுவலக எண்ணில் கூப்பிட்டு, டிரெய்னி விண்ணப்பங்களை யார் பார்க்கிறார் என்று கேளுங்கள். இருபது, முப்பது பேர் வேலை பார்க்கும் சிறிய ஜாப் ஷாப்புகளில் மெயிலை யாரும் பார்ப்பதே இல்லை என்பதும் உண்மை. சிட்கோ எஸ்டேட் போன்ற இடங்களுக்கு அந்த இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு நேரிலேயே போய்விடுங்கள். முதலாளியே மெஷின் பக்கத்தில் நிற்பார்.

வேலைக்கு ஆள் எடுக்கவில்லை என்று பதில் வந்தால், அப்ரென்டிஸ் இடம் உண்டா என்று கேட்க ஒரு வழி இருக்கிறது. 1961-இன் அப்ரென்டிஸ் சட்டத்தின் கீழ் பட்டதாரிகளுக்கு ஓராண்டுப் பயிற்சி உண்டு. அதற்கு மத்திய அரசின் அப்ரென்டிஸ் பதிவுத் தளமான நாட்ஸில் முன்பே பதிவு செய்துவிட்டு, பதிவு எண்ணோடு கேளுங்கள். ஓராண்டு வேலை அனுபவம் ஆகிவிட்டால் அந்த வாசல் மூடிவிடும், எனவே படித்து முடித்த இந்தச் சமயத்திலேயே பதிவு செய்துவிடுவது நல்லது.

அழைப்பு வந்தால் மூன்று பொருள்களை எடுத்துப் போங்கள்: ட்ரயல் பதிவு செய்த கையெழுத்து நோட்டு, `G96`-ஆ `G97`-ஆ என்று காட்டும் அந்தப் புரோகிராம் தாள், முதல் ட்ரயல் துண்டும் ஏழாவது ட்ரயல் துண்டும். துண்டுகளில் எண் குறித்து, துரு ஏறாமல் எண்ணெய் தடவி, காகிதத்தில் சுற்றி வையுங்கள். எதிரே இருப்பவர் இரண்டையும் வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். அவர் கேள்வி எங்கிருந்து தொடங்கும் என்று அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.